பெட்டி எடுத்தீர்களா, பேட்டி எடுத்தீர்களா: ஒலிப்பதிவு இல்லாமல் ஓர் உச்சரிப்புப் பதில்

"மும்பையில் பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் இந்தி, மராத்தி, இங்கிலீஷ்தான். அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம், வீட்டில் தமிழ் பேசுவோம், ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்க இப்போதுதான் கற்றுக்கொண்டேன். இந்தச் சொற்களை வாசித்துப் பதிவு செய்து இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு என்று தயங்காமல் சொல்லுங்கள்: பல், பள்ளி, பழம், வாழ்க்கை, மரம், மறம், அரை, அறை, மனம், மணம், காற்று, கன்று, தங்கம், தம்பி, பகல், பக்கம், பாடு, பாட்டு, காசு, அரசு."

இணைப்பில் ஒலி எதுவும் வரவில்லை, சொற்கள் மட்டும்தான் வந்திருக்கின்றன. அதனால் உங்கள் ழ எப்படி இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது, இதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எந்த ஊரில் வளர்ந்தீர்கள், எந்த எழுத்தில் முதலில் வாசிக்கப் பழகினீர்கள், வீட்டுத் தமிழ் எந்தப் பக்கத்துத் தமிழ் என்று மூன்றையும் எழுதிவிட்டீர்கள். பட்டியலோடு அதைச் சேர்த்துப் பார்த்தால், நாக்கு எங்கே தடுக்கும் எங்கே தடுக்காது என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். வெளிமாநிலத்தில் வளர்ந்தவர்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் எனக்கு இந்த மாதிரி ஆட்களின் குரல் நன்றாகப் பழக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கஷ்டம் என்று சொல்லும் இணைகளைத் தேடிப் போட்டிருக்கிறீர்கள். அவற்றில் பாதி உங்களுக்குக் கஷ்டமே இல்லை, ஒன்று தமிழ்நாட்டுக்காரர்களுக்கே வராது. கேட்டவுடன் "இவங்க வடக்கே வளர்ந்தவங்க" என்று காட்டிக்கொடுக்கிற விஷயம் உங்கள் பட்டியலில் ஒரு சொல்லில்கூட இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மரம், மறம், அரை, அறை. இந்த நான்கையும் தூக்கிப்போடுங்கள் என்றே சொல்வேன். இடையில் தனியாக வரும் ற-வை ர-விலிருந்து பிரித்துச் சொல்பவர்கள் இன்று தமிழ்நாட்டில் குறைவு. குமரி மாவட்டத்தில் பலரிடம் இருக்கிறது, ஈழத்தவர்களிடம் இருக்கிறது, மேடைப் பேச்சில் சிலர் அழுத்திச் சொல்வார்கள். மற்றபடி அரை கிலோவும் அறை வாடகையும் ஒரே ஒலிதான், இடம் பார்த்துப் பொருள் புரிந்துகொள்கிறோம். நீங்கள் இரண்டையும் ஒரே மாதிரி சொல்லியிருந்தால் அதை நான் தப்பு என்று எழுதமாட்டேன். வேறுபடுத்தவேண்டும் என்று ற-வை ஓங்கி உருட்டியிருந்தால்தான் காதில் இடிக்கும்.

ஆனால் அந்த அரை, அறை இரண்டிலும் வேறொன்றைக் கவனிப்பேன், கடைசி ஐ. இந்தியில் அந்த எழுத்து வரும் 'ஹை' என்ற சொல்லைச் சொல்லும்போது வாய் நன்றாகத் திறந்து ஒலி நீளும். தமிழில் சொல்லின் கடைசியில் வரும் ஐ அப்படி நீளாது, இலக்கணமே அதை ஐகாரக்குறுக்கம் என்று குறுக்கித்தான் வைத்திருக்கிறது. பேச்சில் இன்னும் தேய்ந்து 'அற', 'வாழ்க்க' என்று ஆகிவிடுகிறது. வாசிக்கும்போது 'அரை' என்பதில் அ-வுக்குத்தான் எடுப்பு, ரை லேசாக முடியவேண்டும். கடைசி எழுத்தை இழுத்து நிறுத்தினால் இந்தி வாசனை வந்துவிடும்.

ற்ற, ன்ற என்று வந்தால் கதை வேறு. 'காற்று' என்று எழுதியிருப்பதைத் தமிழ்நாட்டில் வாசிக்கும்போது 'ட்ர' போன்ற ஒலி வருகிறது, ஆனால் அந்த ட் நாக்கு மடிந்த ட் அல்ல. நாக்கு நுனி மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால், ஈறு மேடாக இருக்கும் இடத்தைத் தொடும். நீங்கள் 'பாட்டு' சொல்லும் இடத்தில் நாக்கை வைத்து 'காட்ரு' என்று சொல்லியிருந்தால் அது கடினமாகக் கேட்கும். யாழ்ப்பாணத்தில் ர ஒலியே சேராமல் நாக்கை அதே ஈறு மேட்டில் அழுத்தி நிறுத்திவிடுவார்கள். அந்த ஒலி இங்கிலீஷ் t ஒலிக்கு நெருக்கம் என்பதால்தான் அங்கே டொரண்டோ நகரத்தை 'ரொறன்ரோ' என்று எழுதுகிறார்கள். வீட்டில் உங்கள் அம்மா 'காத்து' என்றும் 'கன்னு' என்றும்தான் சொல்லுவார்கள். மூன்றும் தமிழ்தான், ஆனால் வாசிக்கிற சொல்லில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள், பேச்சில் அம்மாவை அப்படியே பின்பற்றுங்கள். 'கன்று' என்பதில் கடைசி ஒலி 'ட்ரு' என்று வலிக்காமலும், 'ண்ட்ரு' என்று நாக்கு மடியாமலும், மெல்லினத்தை ஒட்டிக் குழைந்து வரவேண்டும், நன்றி என்று சொல்லும்போது உங்களுக்கே அது சரியாக வருகிறதா என்று பாருங்கள். அந்த ஒரு சொல்லை நீங்கள் சின்ன வயதிலிருந்து கேட்டிருப்பீர்கள், அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம்.

மனம், மணம், பல், பள்ளி. இங்கே மும்பை உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறது. தண்ணீருக்கு இந்தியில் 'பானி', மராத்தியில் 'பாணி'. பள்ளிக்கூடத்துக்கு மராத்தியில் 'ஷாளா'. மராத்தி வாத்தியார் சொன்ன அந்த ண-வும் ள-வும் தமிழ் ண, ள-வுக்கு மிகவும் நெருக்கமானவை. டெல்லியிலோ லக்னோவிலோ வளர்ந்தவருக்கு ள புதிதாகக் கற்கவேண்டிய ஒலி, உங்களுக்கு அப்படி இல்லை. 'ஷாளா' சொல்லும் நாக்கோடு 'பள்ளி' சொல்லுங்கள். ஒரே வித்தியாசம், மராத்தி ள ஒரு சொடுக்கில் போய்விடும், நம்முடையது இரட்டித்து வரும்போது நாக்கு மேலே ஒட்டி ஒரு கணம் நிற்கவேண்டும். தொல்காப்பியத்தில் ல-வையும் ள-வையும் பிரிக்கும்போது நாக்கு அண்ணத்தை ஒற்றினால் ல, வருடினால் ள என்று சொல்லியிருக்கும். ஒற்றுவது ஒட்டி எடுப்பது, வருடுவது தடவிக்கொண்டு போவது. இந்த இரண்டு வினைகளையும் நாக்கால் செய்து பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இப்போது ழ. இதற்குத்தான் ஒலிப்பதிவு கட்டாயம் வேண்டும், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் இரண்டு வழிகளில் இது ள ஆகலாம். ஒன்று இந்தி, மராத்தி இரண்டிலும் இந்த ஒலி இல்லாததால் பக்கத்தில் இருக்கும் ள-வைப் பிடித்துக்கொள்வது. இன்னொன்று வீடு. தென்மாவட்டங்களில் பலர் 'வாளப்பளம்' என்றுதான் சொல்லுவார்கள், சென்னையில் சில பகுதிகளில் 'வாயப்பயம்', யாழ்ப்பாணத்திலும் பேச்சில் ள பக்கம் சாயும். உங்கள் அப்பா அம்மா 'பளம்' சொல்பவர்கள் என்றால் நீங்கள் சொல்வதும் ஊர்ப் பேச்சு, அதைத் திருத்தவேண்டிய குறையாக நான் நினைக்கவில்லை. வாசிக்கும்போது மட்டும் ழ வேண்டும் என்று விரும்பினால் கற்றுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கற்கும் வழி இது. நாக்கு நுனியை மேலே தூக்கிப் பின்பக்கம் வளையுங்கள், ஆனால் நுனி எங்கும் தொடக்கூடாது. நாக்கின் இரண்டு ஓரங்களும் மேல் கடைவாய்ப் பற்களின் உட்பக்கத்தில் சாய்ந்திருக்கும், நடுவில் காற்று தடையில்லாமல் போகும். அந்த நிலையில் குரல் கொடுத்து 'ழ்ழ்ழ்' என்று நீட்டுங்கள். சரியா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு, கண்ணாடியோ கருவியோ வேண்டாம். ஒலியை நீட்டிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று குரலை நிறுத்தி, நாக்கை அசைக்காமல், அதே வாயோடு காற்றை வேகமாக உள்ளே இழுங்கள். சில்லென்று எங்கே படுகிறது என்று பாருங்கள். நாக்கின் இரண்டு பக்கவாட்டிலும் குளிர்ந்தால் நீங்கள் வைத்திருந்தது ல அல்லது ள, ஏனென்றால் நுனி மேலே ஒட்டி நடுவழியை அடைத்திருக்கிறது. நாக்கின் நடுவில் குளிர்ந்தால் அது ழ. முதலில் ள-வை வைத்து இழுத்துப் பாருங்கள், அப்புறம் ழ-வை வைத்து இழுங்கள், வேறுபாடு அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

தனியே ழ வந்துவிட்டால் 'பழம்' எளிது. 'வாழ்க்கை'தான் சோதிக்கும். ழ் முடிந்த கையோடு நாக்கின் அடிப்பகுதி எழும்பி க்க-வுக்குப் போகவேண்டும், அவசரத்தில் பலருக்கு ழ் விழுந்து 'வாக்கை' ஆகிவிடும், அல்லது நடுவில் ஒரு உகரம் நுழைந்து 'வாழுக்கை' ஆகிவிடும். 'வாழ்' என்று தனியாகச் சொல்லி, நாக்கை வளைத்தபடியே ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் 'க்கை' சேருங்கள். இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

தங்கம், தம்பி, பகல், பக்கம் நான்கையும் ஒரே விதியில் முடித்துவிடலாம். ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு மாதிரி ஒலிக்கும், தேவநாகரியில் இருந்து வருகிறவர்களுக்கு இதுதான் முதல் குழப்பம், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு ஒலிக்கும் தனி எழுத்து இருக்கிறது. சொல்லின் முதலில் வந்தாலும் இரட்டித்து வந்தாலும் வல்லினம் வலித்தே வரும். மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் குரல் சேர்ந்து கனக்கும், 'தங்கம்' என்பதில் 'கங்கா'வின் இரண்டாவது க, 'தம்பி'யில் 'பம்பாய்' என்று சொல்லும்போது வருகிற இரண்டாவது ப. உயிருக்கு நடுவில் ஒற்றையாக வந்தால் மென்மையாகிவிடும். 'பகல்' என்பதில் அடிநாக்கு மேலே முழுதாக ஒட்டாமல் உரசிவிட்டுப் போகும், திருநெல்வேலிப் பக்கம் அது கிட்டத்தட்ட ஹ ஆகிவிடும், அதுவும் சரிதான். நீங்கள் இந்தி 'பாகல்' சொல்லும்போது வருகிற அழுத்தமான ஒலியைப் போட்டிருந்தால் புரியும், ஆனால் கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கேட்கும். இந்த விதி காந்தி, பக்தி, குரு போன்ற சொற்களுக்குப் பொருந்தாது. அவற்றை எப்படிச் சொல்வது என்று உங்கள் இந்தி ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருக்கும், பலரும் அப்படியே சொல்கிறோம்.

பாடு, பாட்டு. இதைப் பட்டியலில் போட்டது நல்ல வேலை, என்ன காரணத்துக்காகப் போட்டீர்களோ தெரியவில்லை. 'பாடு' என்பதில் வரும் ட, இந்தியில் 'சடக்' என்று ரோட்டைச் சொல்லும்போது நாக்கு பட்டுத் தெறிக்கிற அதே ஒலிக்குப் பக்கத்தில் இருப்பது, அதில் உங்களுக்குச் சிரமம் இருக்காது. சிரமம் 'பாட்டு' என்பதில். இந்தியிலும் இரட்டித்த மெய் உண்டு, 'பச்சா', 'பத்தா', 'பட்டா' எல்லாம் நீங்கள் நன்றாகவே சொல்லுவீர்கள். ஆனால் அவை எல்லாவற்றிலும் முன்னால் இருப்பது குறில். நெடிலுக்குப் பின்னால் மெய்யை இரட்டிக்கும் பழக்கம் இந்தியில் கிட்டத்தட்ட இல்லை. அதனால் பாட்டு, காற்று, கேட்டு, மாப்பிள்ளை என்று வரும்போது ஒன்று நெடில் குறுகி 'பட்டு' ஆகும், இல்லாவிட்டால் நெடில் நிற்கும், ட் ஒற்றையாகிவிடும். முதல்வகை பொருளையே மாற்றிவிடும், இரண்டாவது வகை பெரும்பாலும் பொருளை மாற்றாது, ஆனால் கேட்பவருக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். 'பா' என்று முழுதாக நீட்டிவிட்டு, ட் வந்ததும் நாக்கை மேலே ஒட்டிவைத்து, ஒரு சத்தமும் இல்லாமல் நிறுத்தி, அப்புறம் விடுங்கள். அந்தச் சத்தமில்லாத இடைவெளிதான் இரட்டிப்பு. ஒலிப்பதிவுச் செயலியில் அலை வடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் 'பாட்டு' நடுவில் தட்டையான ஒரு கோடு கண்ணுக்கே தெரியும். 'பாடு'வில் அந்த இடம் வெறும் ஒரு சின்னப் பள்ளமாகத்தான் இருக்கும்.

காசு, அரசு. இரண்டிலும் கடைசி உகரம் குற்றியலுகரம். உதட்டைக் குவித்து 'காசூ' என்று முடித்தால் தப்பு, உதடு குவியாமல் தளர்வாக இருக்க, ஒலி பாதியில் தேய்ந்து முடியவேண்டும். 'பசு' அப்படி இல்லை, தனிக்குறிலை அடுத்து வருவதால் அதில் உகரம் முழுதாக வரும் என்பது இலக்கணம். இதற்குக் காதை நம்பவேண்டாம், வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள். காசு, காசை என்று உகரம் இடம் விட்டுப் போய்விடுகிறது. பசு, பசுவை என்று நின்றுவிடுகிறது. போகிற உகரத்துக்கு உதட்டைக் குவிக்காதீர்கள். 

'அரசு' என்பதில் இன்னொரு பொறி இருக்கிறது. இந்தியில் சொல்லின் நடுவில் வரும் அகரத்தை விழுங்கிவிடுவது பழக்கம், விமலா 'விம்லா' ஆவதும் கமலா 'கம்லா' ஆவதும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தில் அரசு 'அர்சு' ஆகும், தகவல் 'தக்வல்' ஆகும், கடவுள் 'கட்வுள்' ஆகும். வேகமாக வாசிக்கும்போதுதான் இது வரும். ஒவ்வொரு சொல்லாக நிதானமாகப் படித்து அனுப்பினால் இதைக் கேட்கவே முடியாது, ஒலிப்பதிவு வந்திருந்தால்கூட.

சரி, பட்டியலில் இல்லாத விஷயத்துக்கு வருகிறேன். எ, ஒ. குறில் எகரம், குறில் ஒகரம். உங்கள் 20 சொற்களில் ஒன்றில்கூட இவை இல்லை, வடக்கே வளர்ந்தவர்கள் வாசிக்கும்போது அதிகம் தவறுவது இங்கேதான். காரணம் எளிது. தேவநாகரியில் ஏ, ஓ இரண்டுக்கும் நெடில் மட்டுமே எழுத்து. கெ என்று தமிழில் கண்டதும் உங்கள் கண் அதைத் தனக்கு ஏற்கெனவே தெரிந்த நெடிலோடு கோத்துவிடுகிறது. கெ-வுக்கும் கே-வுக்கும் எழுத்தில் உள்ள வித்தியாசமும் ஒரு சுழி அளவுதான். தமிழிலேயே பழைய ஏடுகளில் இந்த வேறுபாடு இப்போது போல் இருக்காது. இன்று நாம் நெடிலுக்குப் போடும் சுழிக்கொம்பு 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எழுத்தில் இல்லாத காலத்திலும் வாயில் இருந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

இந்தக் குறில் நீண்டுவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். "பெட்டி எடுத்தேன்" என்று எழுதியிருப்பதை நீங்கள் "பேட்டி எடுத்தேன்" என்று வாசித்தால் கேட்பவர் நீங்கள் பத்திரிகைக்காரர் என்று நினைப்பார், வாக்கியம் முழுதாகப் பொருள் தருவதால் தப்பு என்றே அவருக்குத் தோன்றாது. "தொடு" என்பது "தோடு" ஆனால் காதில் போடுகிற நகை. "கொடு" என்பது "கோடு" ஆனால் வரைகிற கோடு. "எடு" என்பது "ஏடு". "பொடி போடு" என்று சமையல் குறிப்பில் இருப்பதை "போடி போடு" என்று வாசித்தால் சமையலறையில் சண்டையே வரும். மரம், மறம் குழம்பினால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள், இவை குழம்பினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால்தான் உங்கள் நேரத்தை ற-வில் செலவழிக்கவேண்டாம் என்கிறேன்.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது, அது ஒலியைப் புதிதாகக் கற்கும் ஒருவருக்கு இல்லாதது. வீட்டில் நீங்கள் "பொண்ணு", "கொஞ்சம்", "எங்க போற" எல்லாம் சரியான குறிலோடு சொல்லிக்கொண்டுதான் இருப்பீர்கள், காதால் கற்றவை அவை. வாய்க்குத் தெரிந்ததை வாசிக்கும்போது கண் கெடுக்கிறது. இது உண்மைதானா என்று நீங்களே சரிபார்க்கலாம். ஒரு பெட்டி, நெற்றியில் பொட்டு வைத்த ஒரு பெண், ஒரு செடி, ஒரு கொடி என்று படங்களை எடுத்துக்கொண்டு, எழுத்தைப் பார்க்காமல், என்ன என்று அம்மாவிடம் சொல்லுகிற மாதிரி சொல்லிப் பதிவு செய்யுங்கள். அப்புறம் அதே சொற்களை எழுத்தில் பார்த்து வாசித்துப் பதிவு செய்யுங்கள். படத்தைப் பார்த்துச் சொன்னது சரியாகவும் வாசித்தது நீண்டும் இருந்தால் நாக்குக்குப் பயிற்சி தேவையில்லை, வாசிக்கும் பழக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். வாசிக்கும்போது கொம்பில் சுழி இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டு வாயைத் திறங்கள், கொஞ்ச நாளில் விரல் தேவைப்படாது. படத்தைப் பார்த்துச் சொன்னதிலேயே நீண்டால்தான் ஒலியைப் பயிலவேண்டும். (படத்தைப் பார்த்து நீங்கள் 'பொட்டி' என்று சொன்னால் கவலை வேண்டாம், பேச்சில் அது அப்படித்தான், 'பேட்டி' ஆகாமல் குறிலாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.)

ஒலியைப் பயிலவேண்டிவந்தால் அதற்கும் வெளியே போகவேண்டாம். இந்தியில் முன்னால் என்பதற்குச் சொல்லும் 'பெஹ்லே' என்ற சொல்லில் முதல் எகரம் குறில்தான், எழுத்தில் அகரம் இருந்தாலும் ஹ-வுக்கு முன்னால் வாயில் அப்படி வருகிறது. 'பஹுத்' என்று எழுதி 'பொஹத்' என்று சொல்கிறீர்களே, அந்த ஒகரமும் குறில். அந்த 'பெ'வை வெட்டி எடுத்து 'பெட்டி'யில் வையுங்கள், அந்த 'பொ'வை 'பொடி'யில் வையுங்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று இலக்கணம் சொல்வதை அலை வடிவத்திலும் பார்க்கலாம். இரண்டு சொற்களையும் அடுத்தடுத்துப் பதிவு செய்து உயிரொலி நிற்கும் நீளத்தை ஒப்பிடுங்கள். நீளத்தில் பளிச்சென்று வேறுபாடு தெரியவில்லை என்றால் கேட்பவருக்கும் தெரியாது.

இனி மறுபடி பதிவு செய்யும்போது சொற்பட்டியலாக வாசிக்காதீர்கள். மரம், மறம் என்று இணையாக அடுத்தடுத்து வரும்போது யாராக இருந்தாலும் வேறுபாட்டைச் செயற்கையாக மிகைப்படுத்திவிடுவோம், கேட்பவருக்கும் அடுத்து என்ன வரும் என்று முன்பே தெரிந்துவிடும், சரியாகக் கேட்டதாகத் தோன்றும். அதற்கு மாற்றாக இப்படிச் செய்யுங்கள். பெட்டி, பேட்டி, பொடி, போடி, பாட்டு, பட்டு, பழி, பள்ளி என்று எட்டுச் சொற்கள், ஒவ்வொன்றையும் மூன்று துண்டுச் சீட்டில் எழுதுங்கள், மொத்தம் 24 சீட்டு. குலுக்கி, வருகிற வரிசையில் "அவர் இப்போது ____ என்று சொன்னார்" என்ற வாக்கியத்தில் வைத்துப் பேசுகிற வேகத்தில் சொல்லுங்கள். வரிசையை நீங்கள் தனியாகக் குறித்துவையுங்கள், கேட்பவரிடம் ஒலியை மட்டும் கொடுங்கள், அவர் காதில் விழுந்ததை எழுதட்டும். கேட்பவர் அம்மாவாக இருக்கவேண்டாம், உங்கள் குரல் பழகிப்போனவர் தானாகவே திருத்திக் கேட்டுக்கொள்வார். ஊரில் இருக்கிற அத்தை மகள் மாதிரி, உங்களோடு அதிகம் பேசாத, தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவர் நல்லது.

முடிவைப் பார்க்கும்போது மொத்தம் எத்தனை சரி என்பதை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு இணையில் ஆறு முறை சொல்கிறீர்கள், கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே மூன்று சரியாக வந்துவிடும், ஆகவே மூன்று, நான்கு என்பது வேறுபாடு இல்லை என்றே பொருள். தவறு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். ஒரு உதாரணத்துக்கு, நீங்கள் 'பேட்டி' என்ற மூன்றையும் அவர் சரியாக எழுதி, 'பெட்டி' என்ற மூன்றில் இரண்டைப் 'பேட்டி' என்று எழுதியிருந்தால், உங்கள் நெடிலில் ஒன்றும் குறையில்லை, குறில்தான் நீள்கிறது. இரண்டு பக்கமும் கலந்து தவறியிருந்தால் இரண்டையும் நடுவில் ஒரே நீளத்தில் சொல்கிறீர்கள். 'பாட்டு' என்பதை அவர் 'பட்டு' என்று எழுதினால் நான் மேலே சொன்ன நெடில் குறுகும் விஷயம். அவர் 'பழி'யைக் கேட்டு 'பளி' என்று எழுதி, அப்படி ஒரு சொல் உண்டா என்று திருப்பிக் கேட்டால் உங்கள் ழ எங்கே நிற்கிறது என்பதும் தெரிந்துவிடும். இதற்கு என்னைப் போன்ற ஆள்கூட வேண்டியதில்லை.

எனக்கு அனுப்புவதாக இருந்தால் அந்த 24 வாக்கியங்களோடு, எழுதிவைத்து வாசிக்காமல், நேற்று வீட்டில் என்ன சமைத்தீர்கள் என்று ஒரு நிமிடம் பேசியதையும் சேர்த்து அனுப்புங்கள். வாசிப்பும் பேச்சும் எங்கே பிரிகின்றன என்று அதில்தான் தெரியும். ப்ளூடூத் மைக்கில் பதிவு செய்யவேண்டாம், பல கருவிகளில் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் ஒலி போன் பேச்சுத் தரத்துக்கு இறங்கிவிடும், ச போன்ற ஒலிகள் மங்கிப்போகும். போனையே வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பேசுங்கள், ப வரும்போது காற்று மோதாது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அனுப்புவதற்கு முன் கோப்பின் அளவு பூஜ்யமாகக் காட்டவில்லையே என்று பாருங்கள், இணைத்த பிறகு வேறொரு போனில் இருந்து அதைத் திறந்து கடைசி வரை கேளுங்கள். உங்கள் போனில் ஓடுவதை வைத்து முடிவுசெய்ய முடியாது, அது உங்கள் போனிலேயே இருக்கிற மூலக் கோப்பாக இருக்கலாம்.

ஒலி வந்து சேர்ந்ததும் முதலில் 'வாழ்க்கை'யும் 'அரசு'ம் வருகிற இடங்களைக் கேட்கிறேன். அவை இரண்டும் 24 சீட்டில் இல்லாததால் சமையல் பேச்சின் கடைசியில் "அரசுப் பள்ளியில் படித்தவர்களின் வாழ்க்கை" என்ற தொடரை வேகமாக ஒரு முறை, நிதானமாக ஒரு முறை சொல்லிச் சேர்த்துவிடுங்கள்.